ஒரு பக்க கேஸ் ஸ்டடி: செய்து முடித்த வேலையைக் காட்டி அடுத்த வேலையைப் பிடிப்பது எப்படி

கோயம்புத்தூரில் சின்னச் சின்ன ஃபேக்டரிகளுக்கு ஏர் கம்ப்ரஸர் லைன் லீக் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். நானும் ஒரு ஹெல்ப்பரும், அவ்வளவுதான் கம்பெனி. முதல் கேஸ் ஸ்டடியை நாலு பக்கத்துக்கு எழுதினேன். பத்துப் பேருக்குப் போனது. வேலை கேட்டு ஒரு போன்கூட வரவில்லை, அதோடு வேலை கொடுத்த வாடிக்கையாளரின் கோபம்தான் மிச்சம். அதே வேலையைப் பிறகு ஒரே பக்கமாகத் திருப்பி எழுதியபோதுதான் விசாரிப்பு வர ஆரம்பித்தது. இடையில் நான் எங்கெங்கே வழுக்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் தொழில் வாட்டர்ப்ரூஃபிங்காகவோ டேலி கணக்காகவோ இருந்தாலும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. எந்த வேலையை எழுதுவது

பெரிய பெயர் உள்ள கம்பெனியில் செய்த வேலையைத்தான் எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இருபது மிஷின் வைத்திருக்கும் ஓனர், இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையைப் பற்றிப் படித்தால், "அது அவங்களுக்குச் சரி" என்று தள்ளி வைத்துவிடுவார். அடுத்து யாரிடமிருந்து வேலை வரவேண்டும் என்று பாருங்கள். அவருடைய ஷெட்டைப் போலவே இருக்கும் இடத்தில் செய்த வேலையை எடுங்கள்.

நான் எடுத்தது ஒரு சி.என்.சி. ஷாப். 50 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர், இரண்டு ஷிஃப்ட், மாதம் 25 நாள். கோவையில் இந்த அளவு ஷாப்புகள் நிறைய.

இன்னொரு நிபந்தனை, வேலைக்கு முன்னால் எடுத்த அளவு கையில் இருக்கவேண்டும். "முன்பு இவ்வளவு" என்று சொல்ல எண் இல்லாத வேலை எவ்வளவு நன்றாக முடிந்திருந்தாலும் கேஸ் ஸ்டடிக்கு உதவாது. அதனால் இனிமேல் எடுக்கும் எல்லா வேலையிலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

2. எடுத்து வைக்கவேண்டிய காகிதங்கள்

எழுத உட்காருவதற்கு முன் இவை மேஜையில் இருக்கட்டும்:

- வாடிக்கையாளர் முதன்முதலில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி
- வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் உள்ள நோட்டுப் பக்கம்
- முன்பும் பின்பும் ஒரே மாதிரி ஷிஃப்ட் ஓடிய வாரங்களின் மீட்டர் ரீடிங்
- கொட்டேஷனும் பில்லும்
- பர்ச்சேஸ் ஆர்டர், அதன் பின்பக்க நிபந்தனைகளோடு

எல்லாவற்றிலும் அந்த முதல் வாட்ஸ்அப் செய்திதான் விலை மதிப்பு. நான் லீக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பழைய செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதில் லீக் என்ற வார்த்தையே இல்லை. "கடைசி மிஷினுக்குக் காத்து பத்தலைங்க. பிரஷர் அலாரம் அடிச்சு நின்னுக்குது. இன்னொரு கம்ப்ரஸர் வாங்கலாம்னு இருக்கோம்." இதுதான் அவர் கேட்டது. கரண்ட் பில்லைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. புது 30 எச்.பி. கம்ப்ரஸருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார், அந்தப் பணத்துக்குத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வரப்போகிறவரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார். "என் ஷாப்பில் 40 சதவீதம் லீக்" என்று யாரும் போன் செய்வதில்லை, "காத்து பத்தலை" என்றுதான் செய்கிறார்கள். ஆகவே தலைப்பும் முதல் வரியும் அந்த வார்த்தையிலேயே இருக்கவேண்டும்.

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், சில கம்பெனிகள் அங்கே பொடி எழுத்தில், உள்ளே பார்த்த எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் எழுத்துமூல அனுமதி வரும்வரை ஒரு வரியும் எழுதாதீர்கள்.

3. அனுமதி

என் பெரிய தவறு இங்கேதான். முதல் பிரதியில் வாடிக்கையாளரின் பெயர், ஷெட் போட்டோ, மாதம் எவ்வளவு மிச்சம் எல்லாம் போட்டேன். வாய்மொழியாகக் கேட்டேன், மேனேஜர் "போட்டுக்கோங்க சார்" என்றார். இரண்டு வாரத்தில் ஓனர் கூப்பிட்டார். அவரிடம் ஜாப் ஒர்க் கொடுக்கும் பார்ட்டி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மாசம் இவ்வளவு மிச்சமாகுதாமே, ரேட்டைக் கொஞ்சம் குறைங்க" என்று கேட்டிருக்கிறார். மிச்சம் பிடித்துக் கொடுத்த நானே அதற்கு வேட்டும் வைத்திருக்கிறேன்.

அதனால் ஓனரிடமே கேளுங்கள், மேனேஜரிடம் வேண்டாம். முழுப் பக்கத்தையும் அனுப்பி, "இதில் எதை எடுக்கவேண்டும்?" என்று கேளுங்கள். "பெயர் போடலாமா?" என்று மட்டும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தைப் பார்த்தால், "பெயரை எடுத்துடுங்க, மத்தது இருக்கட்டும்" என்பார்கள். பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஷாப்பில் நாலைந்து நாளில் பதில் வந்துவிடும். பெரிய கம்பெனி என்றால் சட்டப் பிரிவு வரை போகும், ஒரு மாதத்துக்குக் குறையாது.

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிடமாட்டார். "பம்ப் ஷாஃப்ட் செய்யும், மூன்று ஷெட் உள்ள" என்று எழுதினால் அந்த ஏரியாவில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். அடையாளம் காட்டும் தகவலை விட்டுவிட்டு, படிப்பவர் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையானதை மட்டும் வையுங்கள். என் விஷயத்தில் அது கம்ப்ரஸரின் அளவு, ஷிஃப்ட், மிஷின் வகை ஆகிய மூன்றும்தான்.

போட்டோவில் ஒரு பொறி இருக்கிறது. நான் எடுத்த ஒரு படத்தில் லீக்கான ஃபிட்டிங் அழகாக விழுந்திருந்தது. பின்னால் மேஜையில் விரித்திருந்த டிராயிங்கும் அழகாக விழுந்திருந்தது. அது வாடிக்கையாளரின் வாடிக்கையாளருடைய சொத்து. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். டிராயிங், பார்ட், பெயர்ப்பலகை, ஆட்களின் முகம் எதுவும் இருக்கக்கூடாது.

4. ஒரு பதினைந்து நிமிட போன்

வேலை முடிந்து மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுங்கள். முடிந்த மறுநாளே கேட்டால் "சூப்பர் சார்" என்பதைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. நான் கேட்டவை மூன்றுதான். எங்களைக் கூப்பிடுவதற்கு முன் என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்? எங்களிடம் கொடுக்க எது தயக்கமாக இருந்தது? இப்போது எது மாறியிருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்னது: "லீக் பார்க்கறேன்னு ரெண்டு நாள் லைனை நிறுத்திடுவீங்களோன்னு பயம்ங்க." இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. நாங்கள் வேலை செய்தது ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் மாறும் இடைவெளியிலும்தான், ஆனால் நாலு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அதை எழுதவில்லை. புதுப் பக்கத்தில் அது இரண்டாவது பத்தியிலேயே வந்துவிட்டது.

அவர் சொன்னதை மேற்கோளாகப் போடும்போது திருத்தி அழகுபடுத்தாதீர்கள். "அவர்களின் தொழில்முறை அணுகுமுறை எங்களைக் கவர்ந்தது" என்று எந்த ஓனரும் பேசுவதில்லை. அதைப் படித்தவுடன் நீங்களே எழுதிக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

5. எண்ணைச் சரியாகப் போடுவது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். நான் எழுதிய கணக்கையே விவரமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா மிஷினையும் நிறுத்தி, ஏர் வால்வுகளை மட்டும் திறந்து வைத்து, கம்ப்ரஸரை ஓடவிட்டோம். யாரும் காற்றை எடுக்காதபோது கம்ப்ரஸர் ஒருமுறை பிரஷர் ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். ஆனால் அது 40 நொடி லோடில், அதாவது காற்றை அழுத்திக்கொண்டு ஓடியது, 60 நொடி காற்றை அழுத்தாமல் அன்லோடில் இருந்தது, மறுபடி 40 நொடி லோடு. அதாவது 100 நொடியில் 40. கம்ப்ரஸரின் திறனில் 40 சதவீதம் லீக்கிலேயே போகிறது. சரிசெய்த பிறகு இதே சோதனையில் லோடு 12 நொடி, அன்லோடு 88 நொடி.

28 சதவீதம் குறைந்திருக்கிறது. லோடில் கம்ப்ரஸர் இழுப்பது 38 கிலோவாட். அதில் 28 சதவீதம் 10.6 கிலோவாட். மாதம் 400 மணி நேரம் என்றால் சுமார் 4,250 யூனிட். அவர் பில்லில் சராசரி யூனிட் 8 ரூபாய். ஆக மாதம் 34,000 ரூபாய் மிச்சம் என்று முதல் பிரதியில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

தப்பு. அன்லோடில் காற்று அழுத்தாவிட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பவர் மீட்டரில் பார்த்தால் அப்போதும் 12 கிலோவாட் இழுத்தது. லோடுக்கும் அன்லோடுக்கும் உள்ள வித்தியாசம் 26 கிலோவாட், மிச்சமாவது அதில் 28 சதவீதம்தான். 7.3 கிலோவாட், மாதம் சுமார் 2,900 யூனிட், 23,000 ரூபாய்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. தாளைப் படித்த ஒரு மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் போன் செய்து, "அன்லோட் கரண்டை எங்கே விட்டீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் முழித்தேன். அவரிடமிருந்து வேலையும் வரவில்லை. கேஸ் ஸ்டடியை ஓனர் மேலோட்டமாகப் பார்ப்பார். ஆனால் பணம் கொடுக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் நீட்டுவார். அந்த ஒருவரைத் தாண்டாத எண் உங்களைக் கவிழ்த்துவிடும்.

அதனால் எண்ணை இரண்டு வழியில் பாருங்கள். கம்ப்ரஸருக்கென்று தனி மீட்டர் இருந்தது. வேலைக்கு முந்தைய ஆறு வேலை நாளில் 3,150 யூனிட், பிந்தைய ஆறு நாளில் 2,450. வித்தியாசம் 700, மாதத்துக்குக் கணக்கிட்டால் அதே 2,900 பக்கம் வருகிறது. இரண்டு வழியும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் சின்ன எண்ணைப் போடுங்கள். ஆயுத பூஜை வாரத்தையும் ஆர்டர் இல்லாத வாரத்தையும் "பின்பு" கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், மிச்சம் தாறுமாறாகக் காட்டும்.

6. எழுதுவது

ஒரே பக்கம், வார்த்தை சிக்கனமாக. "எங்கள் நிறுவனம் பல ஆண்டுகளாக" என்று ஆரம்பிக்கவே வேண்டாம். கடைசியில் நான் அனுப்பிய பக்கம் கிட்டத்தட்ட இப்படி:

> இன்னொரு கம்ப்ரஸர் வாங்காமல் கடைசி மிஷினுக்குக் காற்று வந்தது
>
> 50 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர், இரண்டு ஷிஃப்ட் ஓடும் ஒரு சி.என்.சி. ஷாப். காலையில் எல்லா மிஷினும் ஓட ஆரம்பித்ததும் கடைசி மிஷினில் பிரஷர் அலாரம் அடித்து நின்றது. 30 எச்.பி.யில் இன்னொரு கம்ப்ரஸர் வாங்க கொட்டேஷன் வாங்கியிருந்தார்கள்.
>
> ஞாயிற்றுக்கிழமை மிஷின்களை நிறுத்திச் சோதித்தோம். காற்றே எடுக்காத நேரத்தில் கம்ப்ரஸர் 100 நொடிக்கு 40 நொடி லோடில் ஓடியது. புஷ் ஃபிட்டிங்குகள், ஏர் கன் ஹோஸ்கள், மூடாமல் நின்ற இரண்டு ட்ரெயின் வால்வுகள் என்று 31 இடத்தில் லீக். இரண்டு ஞாயிறும் ஷிஃப்ட் இடைவெளிகளும் போதுமானதாக இருந்தன. உற்பத்தி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.
>
> வேலை முடிந்ததும் 100 நொடிக்கு 12 நொடி. அலாரம் நின்றது. தனி மீட்டரில் ஆறு வேலை நாளுக்கு 3,150 யூனிட்டாக இருந்தது 2,450 ஆனது. பொருளும் கூலியும் சேர்த்துச் செலவு 58,000 ரூபாய். மிச்சம் மாதம் சுமார் 23,000 ரூபாய்.
>
> தரைக்கு அடியில் போகும் பைப்பில் ஒரு லீக் இன்னும் இருக்கிறது. தரையை உடைக்காமல் அதை எடுக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 12 நொடி 19 ஆகியிருந்தது. ஃபிட்டிங்குகள் மறுபடி தளர்ந்திருந்தன.

கடைசிப் பத்தியை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குறையை நாமே சொல்வதா என்று வீட்டிலும் கேட்டார்கள். ஆனால் அதிகம் பேர் பேசியது அந்தப் பத்தியைப் பற்றித்தான். "ஆறு மாசத்துல திரும்ப வரும்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்க்க என்ன கேப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஏ.எம்.சி. என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவே இல்லை.

செலவு எண்ணைப் போட்டால் போட்டிக்காரர் பார்த்துவிடுவாரே என்று பலர் மறைக்கிறார்கள். பார்க்கட்டும். எண் இல்லாவிட்டால் படிப்பவர் மனசுக்குள் இரண்டு லட்சம் என்று போட்டுக்கொண்டு தாளை மடித்து வைத்துவிடுவார்.

7. கடைசி வரி

"மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று முதல் தாளில் முடித்திருந்தேன். வேலை கேட்டு யாரும் தொடர்பு கொள்ளவில்லை. போன் செய்தால் என்ன பேசுவது என்றே அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது தாளில் இப்படி மாற்றினேன்:

> உங்கள் ஷாப்பில் லீவு நாளில் மிஷின்களை நிறுத்தி, ஏர் வால்வுகளைத் திறந்து வைத்து, கம்ப்ரஸர் எத்தனை நொடி லோடு, எத்தனை நொடி அன்லோடு என்று பத்துச் சுற்று குறித்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். எத்தனை சதவீதம் லீக் என்று சொல்கிறோம். இன்வெர்ட்டர் டிரைவ் உள்ள கம்ப்ரஸருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும், காசு செலவில்லை. தன் ஷாப்பில் தானே எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் பேசும்போது பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது. உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும். வாட்டர்ப்ரூஃபிங் என்றால் மழை விட்ட பிறகு மொட்டைமாடியில் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று ஒரு போட்டோ. கணக்கு வேலை என்றால் வாங்கிய பில்களில் எத்தனை ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இன்னும் ஏறவில்லை என்ற எண்ணிக்கை. வாடிக்கையாளர் அரை மணி நேரத்துக்குள், செலவில்லாமல் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். இன்வெர்ட்டர் டிரைவ் போன்ற விதிவிலக்கைச் சொல்ல மறந்தால் தப்பான எண்கள் வந்து குவியும், அவற்றை விளக்கியே நேரம் போகும்.

8. அனுப்புவதும் செலவும்

எழுத எனக்கு இரண்டு மாலை ஆனது, அனுமதிக்கு நாலு நாள். டி.டி.பி. கடையில் பக்கம் அமைக்க 1,500 ரூபாய் கொடுத்தேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு பிரதி. ஓனர் தமிழில் படிப்பார், பர்ச்சேஸ் பிரிவுக்கு ஃபார்வர்ட் ஆகும்போது ஆங்கிலம் வேண்டும்.

மொத்தமாக எல்லோருக்கும் தள்ளிவிடாதீர்கள். 40, 50 எச்.பி. கம்ப்ரஸர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த 22 பேருக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு ஒரு வரி எழுதி அனுப்பினேன். அதுவும் வெள்ளிக்கிழமை மாலை. ஞாயிறு மிஷின் நிற்கும்போது தாள் நினைவில் இருக்கவேண்டுமே. ஆறு பேர் நொடிக் கணக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவருக்கு 9 சதவீதம்தான் வந்தது. "உங்களுக்கு இப்போதைக்கு வேலை தேவையில்லை" என்று சொல்லிவிட்டேன். மூன்று வேலை கிடைத்தது. அதில் ஒன்றை எனக்கு அனுப்பி வைத்ததே அந்த 9 சதவீதக்காரர்தான், அவருடைய மச்சான் ஷாப்.